கடைசி வரிசை ஓர நாற்காலியிலிருந்து பாருங்கள்

கேள்வி: “எங்கள் கல்லூரி செமினார் ஹாலில் வரும் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு ஒரு ஈரானியப் படம் போடுகிறோம். தமிழ் சப்டைட்டில் எங்கள் மாணவர்களே எழுதியது. 150 பேர் வரலாம். ஹால் சுமார் 60 அடி நீளம், 35 அடி அகலம், சமதரை, பிளாஸ்டிக் நாற்காலி, ஏசி கிடையாது. மேடையில் 8-க்கு 6 அடி திரை தொங்குகிறது. புரொஜெக்டர் சீலிங்கில் இருக்கிறது. முந்தின நாள் போய் என்னென்ன பார்க்க வேண்டும்? எப்படிப் பார்க்க வேண்டும்?”

இப்படி முந்தின நாள் ஹாலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் லேப்டாப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, “படம் வருதா, வருது; சத்தம் வருதா, வருது” என்று பத்து நிமிஷத்தில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கருவிகள் ஓடுகின்றன என்று அதில் தெரியும், அவ்வளவுதான். உங்கள் படத்துக்கு அது போதாது. வருகிற 150 பேரில் பாரசீக மொழி தெரிந்தவர் அநேகமாக ஒருவரும் இருக்கமாட்டார். கடைசி வரிசை ஓரத்தில் உட்காருகிறவருக்கு சப்டைட்டில் தெரியவில்லையென்றால் அவருக்குப் படமே இல்லை. அதனால் புரொஜெக்டர், நாற்காலி, எழுத்து மூன்றையும் தனித்தனியாகப் பார்க்காமல் அந்த ஒரு நாற்காலியிலிருந்து பாருங்கள். சத்தத்தைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம். அதில் வேறு மாதிரியான ஆபத்துகள் இருக்கின்றன.

நான் பத்தொன்பது வருஷம் ஒரு கல்லூரியின் ஆடியோ விஷுவல் அறையைப் பார்த்துக்கொண்டவன். ஃபிலிம் சொசைட்டி திரையிடல்களுக்கும் ஓட்டிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் ஹாலை நான் பார்த்ததில்லை. நீங்கள் எழுதியிருக்கும் அளவுகளை வைத்துக் கணக்குப் போடுகிறேன். எழுதாதவற்றை நானே வைத்துக்கொள்கிறேன். அங்கே டேப்பைப் பிடித்து உங்கள் எண்களை அதே கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்பது முக்கியம். காலை பதினோரு மணிக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. படம் 6 மணிக்கென்றால் முந்தின நாளும் 6 மணிக்கே அங்கே இருங்கள். சென்னையில் நவம்பர் கடைசியில் சூரியன் மறைவது 5.40 சுமாருக்கு, ஜூலைத் தொடக்கத்தில் 6.40 சுமாருக்கு. அந்த ஒரு மணி நேர வித்தியாசத்தில் மேற்குப் பக்கத்து ஜன்னல் உங்கள் முதல் அரை மணி நேரப் படத்தைத் தின்றுவிடும். வராந்தா டியூப்லைட்டையும் போடச் சொல்லிப் பாருங்கள். ஆறரை மணிக்கு வாட்ச்மேன் வந்து அதைப் போடுவார், அது கண்ணாடிக் கதவு வழியாக நேராகத் திரையில் விழும். இதை நான் எத்தனை ஹாலில் பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

வெளிச்சம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், புரொஜெக்டரால் வெளிச்சத்தைத்தான் கொடுக்க முடியும், கறுப்பைக் கொடுக்க முடியாது. திரையில் நீங்கள் பார்க்கும் கறுப்பு, ஹாலில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சத்தில் அந்த வெள்ளைத் துணி எப்படித் தெரிகிறதோ அதுதான். புரொஜெக்டர் பெட்டியில் 3500 லூமென் என்று போட்டிருக்கும். ஓரளவு ஓடித் தேய்ந்த லாம்பில் 2000 வந்தால் நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் திரை ஏறத்தாழ நாலரைச் சதுர மீட்டர். 2000-ஐ அதால் வகுத்தால், முழு வெள்ளை விழும் இடத்தில் சதுர மீட்டருக்கு 450 லூமென் சுமாருக்கு, அதாவது 450 லக்ஸ் வருகிறது. இப்போது புரொஜெக்டரை அணைத்துவிட்டு, திரையை ஒட்டி ஃபோனை ஹால் பக்கம் பார்க்கப் பிடித்து, லக்ஸ் மீட்டர் ஆப்பில் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். 30 என்று காட்டினால், அது வெள்ளையிலும் சேர்ந்துகொள்வதால் 480-க்கு 30, அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் விகிதம் 16-க்கு 1. பாடம் நடத்தும் ஸ்லைடுக்கு அது தாராளம். படத்துக்கு அது போதாது. இரவுக் காட்சி எல்லாம் சாம்பல் பூசினது போல ஆகிவிடும். அதே 30-ஐ 6-க்குக் கொண்டுவந்தால் விகிதம் 75-ஐத் தாண்டுகிறது. வீடியோ பார்ப்பதற்கு 80-க்கு 1 வேண்டும் என்று இந்தத் துறையில் ஒரு தரஅளவு உண்டு. அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். அதிக லூமென் புரொஜெக்டரை வாடகைக்கு எடுப்பதைவிட ஒரு ஜன்னலுக்குக் கறுப்பு சார்ட் ஒட்டுவது மேல் என்று நான் சொல்வதன் கணக்கு இதுதான்.

ஃபோன் அளவை அப்படியே நம்பாதீர்கள். குறைந்த வெளிச்சத்தில் அந்த சென்சார்கள் தடுமாறும், ஒரு ஃபோன் 6 காட்டும் இடத்தில் இன்னொன்று 11 காட்டும். ஒரே ஃபோனை வைத்து “ஜன்னல் மூடுவதற்கு முன்னால், மூடிய பின்னால்” என்று ஒப்பிட அது உதவும். கடைசித் தீர்ப்பு கண்ணுடையது. உங்கள் படத்திலேயே மிக இருட்டான காட்சி எது என்று வீட்டில் பார்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். அதை நிறுத்தி வைத்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, அந்த முகத்தில் கண் எங்கே இருக்கிறது என்று தெரிகிறதா பாருங்கள்.

புரொஜெக்டர் மெனுவில் மூன்றே இடங்களுக்குப் போனால் போதும். `Lamp Hours` எவ்வளவு என்று பாருங்கள். பாதரச லாம்புக்குச் சொல்லப்படும் ஆயுள் என்பது அது அணைந்துபோகும் நாள் அல்ல, வெளிச்சம் பாதியாகக் குறையும் காலம். மூவாயிரம் நாலாயிரம் மணி ஓடியிருந்தால் அது மங்கலுக்குக் காரணம் சொல்லும். `Eco` என்று இருந்தால் படத்தின்போது மட்டும் `Normal`-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். விசிறிச் சத்தம் கொஞ்சம் கூடும், சீலிங்கில் இருப்பதால் பரவாயில்லை. மூன்றாவது `Keystone`. சீலிங்கில் கோணலாக மாட்டிவிட்டு, படம் சரிவகமாக விழுவதை இந்த வசதியால் செவ்வகமாக்கியிருப்பார்கள். அது உண்மையில் படத்தை உள்ளுக்குள் சுருக்கிச் சிதைத்துச் சரிப்படுத்துகிறது. முகத்தில் அது தெரியாது, எழுத்தின் விளிம்பில் தெரியும். முடிந்தவரை `Keystone`-ஐ சுழியத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மவுண்டை நிமிர்த்தச் சொல்லுங்கள். முடியவில்லையென்றால் விடுங்கள், அதற்காகத் திரையிடலை ஒத்திப்போட வேண்டாம். ஆனால் ஏர் ஃபில்ட்டரை மட்டும் கழற்றித் தூசு தட்டாமல் வராதீர்கள். ஃபில்ட்டர் அடைத்திருந்தால் முதல் அரை மணி நேரம் ஒழுங்காக ஓடி, பிறகு சூடேறித் தானாக அணையும். பத்து நிமிஷ சோதனையில் இது பிடிபடாது. ஒரு மணி நேரமாவது விடாமல் ஓடவிட்டால்தான் தெரியும். நீங்கள் மற்றதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் முழுக்க அது எரியட்டும்.

கரண்ட் போவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜெனரேட்டர் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஜெனரேட்டர் எடுக்க ஆகும் பத்து விநாடியில் லாம்பு அணையும். சூடாக இருக்கும் லாம்பு உடனே பற்றாது, ஆறி மறுபடி வெளிச்சம் வரப் பல நிமிஷம் ஆகும். லேசர் புரொஜெக்டராக இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. உங்களுடையது லாம்பென்றால் அந்த பிளக் பாயின்ட் யுபிஎஸ் லைனில் இருக்கிறதா என்று மெயினை ஒரு தடவை அணைத்தே பார்த்துவிடுங்கள். அதை எலக்ட்ரீஷியன் கையால் செய்யச் சொல்லுங்கள், உங்கள் கையால் வேண்டாம்.

இனி எழுத்து. மருத்துவர் அறையில் இருக்கும் கண் பரிசோதனை அட்டையில் 6/6 வரி என்பது, அந்த எழுத்து கண்ணில் 5 கலை அளவு கோணம் பிடிக்கும் வரி. ஒரு பாகையில் அறுபதில் ஒன்று ஒரு கலை. நல்ல பார்வை உள்ளவர் அடையாளம் காணக்கூடிய சிறிய எழுத்து அது. இதில் சந்தேகம் ஏதும் இல்லை. ஆனால் சப்டைட்டிலை நிதானமாக ஒவ்வொரு எழுத்தாக அடையாளம் காண நேரம் கிடையாது, இரண்டு விநாடியில் வாசித்துவிட்டு முகத்துக்குத் திரும்ப வேண்டும். அதனால் அந்த எல்லையைப் போல மூன்று மடங்குக்கு மேல் வேண்டும் என்பது என் அனுபவக் கணக்கு. அதைச் சுலபமாகச் சொன்னால், ‘க’ என்ற எழுத்தின் உயரம் பார்ப்பவர் இருக்கும் தூரத்தில் இருநூறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். இந்த இருநூறு சட்டம் அல்ல. இளம் கண்களுக்கு இருநூற்றைம்பதும் ஓடும். ஆனால் கண்ணாடியை அறையில் மறந்துவிட்டு வருகிற நாலு பேர் எந்தக் கல்லூரியிலும் உண்டு.

உங்கள் ஹாலில் போட்டுப் பார்ப்போம். திரை 8 அடி அகலம். அகலத்திரைப் படம் அதில் 8-க்கு நாலரை அடியாக விழும், மேலும் கீழும் முக்கால் அடி கறுப்புப் பட்டை. படத்தின் உயரம் 54 அங்குலம். வி.எல்.சி. பிளேயரில் சப்டைட்டில் அளவு `Normal` என்றால் படத்தின் உயரத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 3.4 அங்குலம். ஆனால் அது எழுத்துரு பிடிக்கும் மொத்த இடம். மேலே கொக்கிக்கும் கீழே வாலுக்கும் சேர்த்து. ‘க’ மட்டும் அதில் ஏறத்தாழ பாதி, 1.7 அங்குலம். மேடை போக, கடைசி நாற்காலி திரையிலிருந்து 50 அடியில் இருக்கும் என்றால் அது 600 அங்குலம். இருநூறால் வகுத்தால் 3 அங்குலம் வேண்டும். நமக்குக் கிடைப்பது அதில் பாதிதான். இதனால்தான் லேப்டாப்பில் அழகாகத் தெரிந்த சப்டைட்டில் ஹாலில் எறும்பு வரிசையாக ஆகிறது.

அளவை `Large`-க்கு மாற்றினால் பன்னிரண்டில் ஒரு பங்கு, ‘க’ 2.25 அங்குலம். அடுத்த படியான `Larger`-க்குப் போகாதீர்கள். அது ஒரேயடியாக ஆறில் ஒரு பங்குக்குத் தாவும், படத்தில் பாதி எழுத்தாகிவிடும். 2.25 அங்குலம் எத்தனை தூரத்துக்குச் செல்லும்? இருநூறால் பெருக்கினால் 450 அங்குலம், 38 அடி சுமார். இருநூறு சட்டம் அல்ல என்பதால் ஒரு அடி கூட்டிக்கொள்ளலாம். ஆக 50 அடியில் இருக்கும் கடைசி வரிசையை 39 அடிக்குக் கொண்டுவர வேண்டும் என்று எழுத்தே நமக்குச் சொல்லிவிட்டது. இந்தக் கணக்கையும் நம்பி உட்கார வேண்டாம். எழுத்துருவுக்கு எழுத்துரு ‘க’வின் உயரம் மாறும். படத்தை நிறுத்திவிட்டு, ஒருவர் மேடையில் ஏறி ஸ்கேலைத் திரையோடு பிடித்து அளக்கட்டும். எங்கள் ஊரில் ஒரு வாத்தியார் தீப்பெட்டியை வைத்தே அளப்பார்.

தமிழ் சப்டைட்டில் என்பதால் இன்னும் இரண்டு மூன்று விஷயம். கோப்பை `UTF-8` ஆகச் சேமித்திருக்கிறீர்களா, வி.எல்.சி.யின் `Subtitles/OSD` பக்கத்தில் தமிழ் உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். விண்டோஸில் `Nirmala UI` கூடவே வருகிறது, `Noto Sans Tamil` இறக்கிக்கொள்ளலாம். இதை ஓட்டப்போகிற அதே லேப்டாப்பில் பார்க்க வேண்டும். நண்பனுடைய லேப்டாப்பில் வந்தது துறை லேப்டாப்பில் வெறும் கட்டங்களாக வரும். கட்டமாக வந்தால் உடனே தெரிந்துவிடும். தெரியாமல் போவது கொம்புப் பிழை. ‘கொ’, ‘கௌ’, ‘நெ’ மூன்றும் உள்ள ஒரு வரியைத் தேடி, கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறதா, பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பிளேயர்களில் இது தப்பாக வரும். பிறகு, எழுத்தைப் பெரிதாக்கினதால் இரண்டு வரியாக இருந்தது மூன்று வரியாக மடங்கியிருக்கும். தமிழில் ஒரே சொல் நீளமாகப் போவதால் நமக்கு இது அதிகம் நடக்கும். மூன்று வரியாகிவிட்ட இடங்களை அன்று ராத்திரி உட்கார்ந்து சுருக்கி எழுதுங்கள். ‘செய்துகொண்டிருக்கிறான்’ என்பதை ‘செய்கிறான்’ என்றால் கதை ஒன்றும் கெட்டுவிடாது.

இருட்டுக் காட்சியைக் குறித்துக்கொண்டது போல மிக வெளிச்சமான காட்சியையும் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சுவர், வானம், பனி. வெள்ளை எழுத்து அதில் கரையும். எழுத்தைச் சுற்றியுள்ள கறுப்புக் கோட்டை அதே பக்கத்தில் தடிப்பாக்கலாம், போதவில்லையென்றால் எழுத்துக்குப் பின்னால் அரைக் கறுப்புப் பட்டை வைக்கலாம். பட்டை அழகாக இருக்காது. இருந்தாலும் படிக்க முடியும். கடைசியாக, சப்டைட்டிலை எழுதின யாரும் அதைச் சோதிக்கக் கூடாது. அவர்களுக்கு வரி மனப்பாடம், கண் பாதி பார்த்ததும் மனசு மீதியை நிரப்பிவிடும். படம் பார்க்காத ஒரு முதலாமாண்டுப் பிள்ளையைக் கூட்டிப்போய் கடைசி வரிசையில் உட்கார வைத்து, ஐந்து நிமிஷம் வரிகளைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறதோ அங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

நாற்காலிக்கு வருகிறேன். சமதரை ஹாலில் சப்டைட்டிலுக்கு உண்மையான எதிரி முன்னால் இருப்பவர் தலை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து 45 அங்குலம் சுமாருக்கு இருக்கும். உச்சந்தலை கண்ணைவிட 5 அங்குலம் மேலே. வரிசைக்கு வரிசை 3 அடி என்று வைத்துக்கொள்வோம். நாற்காலிகளை ஒன்றன் பின் ஒன்றாக நேராகப் போட்டால், 39 அடியில் இருப்பவரின் பார்வை முன்வரிசைக்காரரின் தலையை உரசிக்கொண்டு போக வேண்டும்: 3 அடிக்கு 5 அங்குலம் ஏற்றம், 39 அடிக்கு 65 அங்குலம். 45-ஐச் சேர்த்தால் 110 அங்குலம், 9 அடி 2 அங்குலம். அதற்குக் கீழே திரையில் இருப்பதெல்லாம் அவருக்குத் தலை மறைத்த இடம். உங்கள் மேடை இரண்டரை அடி, திரையின் அடி அதற்கு மேல் 3 அடி என்றால், படத்தின் அடி 6 அடி 3 அங்குலத்தில் வருகிறது. சப்டைட்டிலின் கீழ்வரி 6 அடி 7 அங்குலத்தில். தொலைந்தது.

இப்போது ஒன்றுவிட்ட வரிசைகளை அரை நாற்காலி அகலம் நகர்த்துங்கள். முன்னால் இருக்கும் இரண்டு தலைகளுக்கு நடுவில் பார்க்கலாம், மறைப்பது அதற்கும் முந்தின வரிசைத் தலைதான், 6 அடி தள்ளி. கணக்கு 6 அடிக்கு 5 அங்குலம் ஏற்றமாகப் பாதியாகிறது: 32 அங்குலமும் 45-ம் சேர்ந்து 77 அங்குலம், 6 அடி 5 அங்குலம். சப்டைட்டில் மயிரிழையில் தப்புகிறது. அதே 50 அடிக் கடைசி வரிசையில் இருந்திருந்தால் நகர்த்தினாலும் 7 அடி 3 அங்குலம் ஆகி மறைந்திருக்கும். எழுத்தின் அளவு சொன்ன அதே 39 அடியைத் தலைக் கணக்கும் சொல்கிறது. உங்கள் ஹாலில் இப்படிப் பொருந்துவது தற்செயல். வேறு ஹாலில் இரண்டும் வேறு வேறு எண் சொல்லும், எது சிறியதோ அதைத்தான் எடுக்க வேண்டும்.

இடம் போதுமா என்ற கவலை வரும். திரையிலிருந்து 12 அடியில் முதல் வரிசை, 39 அடியில் பத்தாவது வரிசை. 35 அடி அகலத்தில் நடுவே 4 அடி வழி விட்டு, ஓரங்களில் நடக்க இடம் விட்டால் வரிசைக்கு 14 நாற்காலி. ஆக 140 பேர். மீதிப் பேருக்கு முதல் வரிசைக்கு முன்னால் ஜமக்காளம் விரித்துவிடுங்கள். மேடை அங்கே எவ்வளவு இடம் விடுகிறது என்பதைப் பொறுத்து பத்துப் பதினைந்து பேர் தரையில் உட்காரலாம். தரையில் இருப்பவர் யாரையும் மறைப்பதில்லை. ஃபிலிம் சொசைட்டியில் எப்போதும் முதலில் நிரம்புவதும் அந்த ஜமக்காளம்தான். பின்னால் காலியாக இருக்கும் இடத்தில் கூடுதல் நாற்காலியே வைக்காதீர்கள். வைத்தால் மாணவர்கள் நேரே அங்கேதான் போவார்கள், சுவரில் சாய வசதி என்று. சாக்பீஸால் ஒவ்வொரு வரிசையின் முதல் நாற்காலிக்கும் தரையில் குறி போட்டுவிட்டு வாருங்கள், அடுத்த நாள் நாற்காலி போடுபவருக்கு அரை நாற்காலி நகர்த்துவதை வாயால் புரியவைக்க முடியாது. இதற்கெல்லாம் இடமில்லை, கடைசி வரிசை பின்னால் போய்த்தான் ஆகும் என்றால், சப்டைட்டிலைப் படத்தின் மேல்பக்கத்துக்கு ஏற்றிவிடலாம். பழக்கமில்லாததால் முதல் ஐந்து நிமிஷம் உறுத்தும். பிறகு மறந்துவிடும்.

சத்தத்தில் முதலில் ஒரு கதை. ஒரு கல்லூரியில் படத்தைத் தொடங்கினோம். பின்னணி இசை வருகிறது, மழை வருகிறது, பேச்சு மட்டும் இல்லை. உதடு அசைகிறது, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு முனகல். ஆபரேட்டர் வால்யூமைக் கூட்டக் கூட்ட மழைதான் பெரிதாகக் கொட்டியது. காரணம் ஒரு சின்ன வயர். லேப்டாப்பின் இயர்ஃபோன் ஓட்டையிலிருந்து வருவது இடது வலது என்று இரண்டு சானல். மேடையில் மைக் சொருகும் மூன்று முள் இன்புட் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்கும். வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சலை நீக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். இடது சானலை ஒரு கம்பியிலும் வலதை இன்னொன்றிலும் நேராக இணைக்கும் வயரைப் போட்டால், இடதிலும் வலதிலும் ஒரே மாதிரி இருக்கும் ஒலி ஒன்றையொன்று அழித்துவிடும். படத்தில் பேச்சு நடுவில் வைக்கப்படுவதால் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பது பேச்சுத்தான்.

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, விண்டோஸ் சவுண்டு அமைப்பில் பேலன்ஸை முழுக்க இடதுக்குத் தள்ளுவது. பேச்சு பளிச்சென்று திரும்பினால் குற்றவாளி வயர்தான். அவசரத்துக்கு அப்படியே இடதில் வைத்தே படத்தை ஓட்டிவிடலாம். சரியான வழி, இரண்டு ஆர்சிஏ முனையாகப் பிரியும் வயரை மிக்ஸரின் ஸ்டீரியோ இன்புட்டில் சொருகுவது. பேலன்ஸைத் தள்ளியும் பேச்சு வரவில்லையென்றால் கோப்பைப் பாருங்கள். 5.1 ஒலி உள்ள கோப்பில் பேச்சு நடு ஸ்பீக்கருக்கென்று தனிச் சானலில் இருக்கும். லேப்டாப்பில் ஸ்பீக்கர் அமைப்பை யாரோ 5.1 என்று வைத்திருந்தால் அந்தச் சானல் இல்லாத ஸ்பீக்கருக்குப் போய்க் காணாமல் போகும். அமைப்பை ஸ்டீரியோவுக்கு மாற்றினால் பேச்சு இரண்டு பக்கத்துக்கும் கலந்து வரும். பாரசீகப் பேச்சு புரியாதே, சப்டைட்டில் இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள். நடிகரின் குரல் இல்லாத சப்டைட்டில் செத்த எழுத்து.

சத்தமே வரவில்லை என்றால் பதறாதீர்கள். எச்டிஎம்ஐ வயர் சொருகியதும் லேப்டாப் ஒலியை புரொஜெக்டருக்கு அனுப்பிவிடும். டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி மறுபடி இயர்ஃபோன் வெளியீட்டுக்கு மாற்றினால் போதும். ‘ங்’ என்று ஒரு இரைச்சல் விடாமல் வந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றால் எர்த் பிரச்சினை. லேப்டாப்பையும் மிக்ஸரையும் ஒரே பிளக் பாயின்டில் கொடுத்துப் பாருங்கள், அதற்கும் நிற்காவிட்டால் சவுண்டு சர்வீஸ்காரரிடம், இந்த இரைச்சலை வெட்டும் சின்னப் பெட்டியான டிஐ பாக்ஸ் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து எக்கோ. ஆண்டு விழாவில் யாரோ பாடியிருப்பார்கள், மிக்ஸரில் எக்கோ போட்டது போட்டபடி இருக்கும். அதை முழுக்க அணையுங்கள். அதன் பிறகும் எதிரொலித்தால் அது ஹாலுடையது. நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். சத்தம் ஒரு விநாடிக்கு மேல் சுவர்களில் இழுத்துக்கொண்டே போனால் அந்த ஹாலில் வால்யூமைக் கூட்டுவது பேச்சைத் தெளிவாக்காது, குழப்பத்தைத்தான் பெரிதாக்கும். அதற்குப் பதில் படம் வருகிற சானலில் `LOW` திருகைக் குறையுங்கள். ஹாலில் அதிகம் தங்கிக் குழப்புவது தாழ்ந்த சுருதியில் வரும் ஒலி. ஜன்னலில் தொங்கும் திரைச்சீலையும் விரித்த ஜமக்காளமும் கொஞ்சம் உதவும்.

அளவு என்று ஓர் எண் கேட்டால், ஃபேன் எல்லாம் முழு வேகத்தில் சுற்றும்போது கடைசி வரிசையில் ஃபோன் மீட்டர் எவ்வளவு காட்டுகிறதோ, பேச்சு வரும்போது அதைவிட 15 டெசிபல் கூடக் காட்ட வேண்டும். ஃபேன் இரைச்சல் 52 என்றால் பேச்சு 67 சுமார். ஃபோன் மீட்டர் தப்புக் காட்டினாலும் இரண்டு அளவிலும் ஏறத்தாழ ஒரே அளவு தப்புவதால் வித்தியாசம் ஓரளவு சரியாக இருக்கும். ஃபேனை அணைத்துவிட்டுச் சோதிப்பவர்கள்தான் அதிகம். 150 பேர் உட்கார்ந்த ஏசியில்லாத ஹாலில் ஃபேனை அணைக்க முடியாது என்பது அடுத்த நாள்தான் நினைவுக்கு வரும். கடைசி வரிசைக்கு 67 கொடுக்கும்போது முதல் வரிசையில் ஸ்பீக்கருக்கு நேரே உட்கார்ந்தும் பாருங்கள். காது வலித்தால் ஸ்பீக்கரை ஸ்டாண்டில் உயர்த்தி, வாய் கடைசி வரிசையைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். வால்யூமைக் குறைக்க வேண்டியிருக்காது.

இதில் நான் முன்கூட்டிச் சொல்ல முடியாதது ஆட்கள் வந்த பிறகு என்ன ஆகும் என்பது. உடம்பும் துணியும் ஒலியை உறிஞ்சும். எதிரொலி குறையும், ஒலியும் கொஞ்சம் இறங்கும், ஆனால் முணுமுணுப்பு கூடும். காலி ஹாலில் வைத்த இடத்திலிருந்து அன்று மாலை கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும். எவ்வளவு என்பது ஹாலுக்கு ஹால் மாறும். அதனால் மிக்ஸர் திருகைச் சோதனையில் முழுக்க ஏற்றிவிடாமல், பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும்படி லேப்டாப் வால்யூமைச் சரிசெய்து, அந்த இடத்தில் ஒரு துண்டு மாஸ்க்கிங் டேப்பை ஒட்டிக் கோடு போட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை படம் தொடங்கிப் பத்து நிமிஷம் கழித்து ஒருவர் கடைசி வரிசை ஓரத்திலிருந்து மிக்ஸரில் இருப்பவருக்கு ஃபோனில் ஒரே வார்த்தை அனுப்பட்டும்: ‘ஏத்து’ அல்லது ‘போதும்’. அதற்கு முன்னால் அந்த ஃபோனின் ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.